கரோசலைப் பார்த்தவர் அடுத்து எங்கே போனார்?

இன்ஸ்டாகிராமில் ஒரு கரோசல் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் ஷேர் செய்தார்கள் என்று இன்ஸ்டாகிராமே எண்ணிச் சொல்லிவிடுகிறது. கடைசி ஸ்லைடு வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு நம் இணையதளத்துக்கு வந்தவர் அங்கே என்ன செய்தார் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் பார்க்க முடியாது. இணையதளத்தில் இருக்கும் கூகுள் அனலிட்டிக்ஸோ வந்தவர் எந்தப் பக்கத்தைப் படித்தார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று சொல்லும். ஆனால் அவர் எந்தக் கரோசலைப் பார்த்து வந்தார் என்று அதற்குத் தெரியாது. இப்படிப் பாதி கணக்கு ஓரிடத்திலும் மீதி இன்னோரிடத்திலும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு கடையை வைத்துப் பேசினால் எளிதாக இருக்கும். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு சிறிய கடை என்று வைத்துக்கொள்வோம். சிறிய இணையதளம் இருக்கிறது; ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஒரே மாதத்தில் இரண்டு கரோசல் போடுகிறார்கள். முதலாவது, அசல் கண்டாங்கியை அடையாளம் காண்பது எப்படி என்று விளக்குவது. இரண்டாவது, புதிதாக வந்திருக்கும் நிறங்களைக் காட்டுவது. இந்தக் கடையும் கீழே வரும் எண்களும் கணக்கு புரிவதற்காக நான் அமைத்துக்கொண்டவை.

எல்லோரும் ஒரே வாசலில் நுழைகிறார்கள்

கரோசலின் விளக்கவரியில் லிங்க் போட்டால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டால் திறக்காது. அதனால்தான் எல்லோரும் கடைசி ஸ்லைடில் "லிங்க் பயோவில்" என்று எழுதுகிறார்கள். பார்ப்பவர் நம் பெயரைத் தொட்டு, ப்ரொஃபைலுக்குப் போய், அங்கே இருக்கும் லிங்கைத் தொட வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. போன மாதக் கரோசலைப் பார்த்தவரும், நேற்றைய ரீலைப் பார்த்தவரும், யாரோ சொல்லிக் கடையின் பெயரைத் தேடி வந்தவரும் தொடுவது அதே லிங்கைத்தான். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே வாசலில் நுழைவதுபோல. வாசலில் நின்று தலையை எண்ணலாம். யார் எந்தப் பத்திரிகையைப் பார்த்து வந்தார்கள் என்று அந்த எண்ணிக்கை சொல்லாது.

லிங்கில் குறி ஒட்டினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். குறி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த லிங்க் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பது. அதைத் தொட்டவர் ஏன் வந்தார் என்பதைக் குறி சொல்லாது. ஆகவே நம் வேலை வெறுமனே குறி ஒட்டுவதோடு முடியவில்லை. ஒவ்வொரு கரோசலுக்கும் தனி வாசல் அமைத்து, அந்த வாசலில் குறியை ஒட்ட வேண்டும்.

2023 ஏப்ரலிலிருந்து பயோவில் 5 லிங்க் வரை வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் கொடுக்கலாம். நம் கடை இரண்டு லிங்க் வைக்கிறது. ஒன்றின் தலைப்பு "அசல் கண்டாங்கியா? பார்த்துக்கொள்ளுங்கள்", மற்றதன் தலைப்பு "புது நிறங்கள்". கடைசி ஸ்லைடிலும் அதே தலைப்பை அப்படியே எழுதுகிறார்கள். ஸ்லைடில் படித்த சொற்களையே பயோவிலும் கண்டால் வந்தவர் தயங்காமல் அதைத் தொடுவார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒன்றுக்கு மேல் லிங்க் இருந்தால் ப்ரொஃபைலில் முதல் லிங்க் மட்டும்தான் வெளியே தெரியும், மற்றவற்றைப் பார்க்க இன்னொரு முறை தொட வேண்டும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கும் காலத்தில் வரிசையை மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

குறியை எழுதுவது

குறி என்று நான் சொல்வது லிங்கின் பின்னால் ஒட்டும் யுடிஎம் சொற்கள். நம் கடையின் முதல் லிங்க் இப்படி இருக்கும்:

```
https://kandangi.example/adayalam
?utm_source=instagram
&utm_medium=social
&utm_campaign=aadi_2025
&utm_content=bio_adayalam
```

படிக்க வசதியாக வரி வரியாகப் பிரித்திருக்கிறேன். பயோவில் போடும்போது இடைவெளி இல்லாமல் ஒரே வரியாக இருக்க வேண்டும்.

முதல் சொல் எந்தத் தளத்திலிருந்து என்று சொல்கிறது. இரண்டாவது எந்த வகை வழி என்று. இங்கே `social` என்று எழுதினால் அனலிட்டிக்ஸ் அதைச் சமூக ஊடக வரவாக, அதாவது `Organic Social` என்ற பிரிவில் சேர்க்கும். மூன்றாவது எந்த முயற்சி. நமக்கு உயிர்நாடி நான்காவதுதான்: `utm_content`. எந்த இடம், எந்தக் கரோசல் என்ற இரண்டையும் அதில் எழுதுகிறோம். அதே கரோசலை ஸ்டோரியில் பகிர்ந்து லிங்க் ஸ்டிக்கர் ஒட்டினால் அங்கே `story_adayalam`. "விலை என்று கமெண்ட் போடுங்கள், லிங்க் அனுப்புகிறோம்" என்று சொல்லி டிஎம்மில் அனுப்பினால் `dm_adayalam`.

இந்த மூன்றில் டிஎம் வழிக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன். கமெண்ட் போட்டவர் அந்தக் குறிப்பிட்ட கரோசலின் அடியில்தான் போட்டார். வேறு எதையோ பார்த்து வந்தார் என்று சொல்ல இடமே இல்லை. பயோவில் அந்த உறுதி கிடையாது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் சும்மா வந்து முதலில் கண்ணில் பட்ட லிங்கைத் தொட்டிருக்கலாம்.

குறி எழுதும்போது நான்கு இடங்களில் தவறு நேரும். நான்குமே பார்த்தால் தெரிந்துவிடுபவை.

முதலாவது, `Instagram` என்று ஒருநாளும் `instagram` என்று இன்னொரு நாளும் எழுதுவது. அனலிட்டிக்ஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகவே எண்ணும். ஒரே வரவு இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கும். எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே எழுதுவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டாவது, பக்கத்தின் நடுவில் ஓர் இடத்துக்குக் கொண்டுபோகும் `#` குறி. அது யுடிஎம் சொற்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும். `#vilai?utm_source=…` என்று முன்னால் போட்டால் மொத்தக் குறியும் அந்த `#` பகுதிக்குள் போய்விடும். அனலிட்டிக்ஸ் அதைப் படிக்காது.

மூன்றாவது, வழிமாற்றம். சுருக்கிய லிங்க் அல்லது பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு சில நேரம் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை உதிர்த்துவிடும். சோதிப்பது எளிது. உங்கள் கைபேசியில் இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்தே லிங்கைத் திறந்து, பக்கம் வந்தபின் முகவரியைப் பாருங்கள். `utm_` சொற்கள் அங்கே இருந்தால் சரி. இன்ஸ்டாகிராம் தானாகச் சேர்க்கும் `fbclid` என்ற நீண்ட வாலும் இருக்கும். அதனால் கெடுதல் இல்லை.

நான்காவது, நம் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்குகளில் யுடிஎம் ஒட்டுவது. இதைச் செய்யவே கூடாது. வந்த வழி என்ற தகவலின் மேல் நாமே இன்னொன்றை எழுதிவிடுகிறோம். வெளியிலிருந்து உள்ளே வரும் லிங்குக்கு மட்டும்தான் குறி.

இன்னொரு விதியும் உண்டு: வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் எதையும் குறிக்குள் வைக்காதீர்கள். ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனலிட்டிக்ஸுக்குள் அனுப்பக்கூடாது என்பது கூகுளின் விதி.

எதை வெற்றி என்று எண்ணப்போகிறோம்?

நம் கடைக்கு ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆகவே இணையதளத்தில் நாம் எண்ண வேண்டியது வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தியதை. கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் `Enhanced measurement` இயங்கிக்கொண்டிருந்தால், வெளித்தளத்துக்குப் போகும் லிங்கைத் தொடும்போது `click` என்ற நிகழ்வு தானே பதிவாகும். அதில் `link_domain` என்பது `wa.me` ஆக இருப்பதை மட்டும் பிரித்து `whatsapp_click` என்று புதிய நிகழ்வு ஒன்றை உருவாக்கி, அதை `key event` என்று குறித்துவிட்டால் போதும்.

வாட்ஸ்அப் திறந்த பிறகு அனலிட்டிக்ஸின் கண் அடைந்துவிடும். அங்கே ஒரு கைவேலை உதவும். பொத்தானிலேயே முன்கூட்டி எழுதிய செய்தியை வைக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Kandangi%20ADY
```

அடையாளப் பக்கத்தில் `ADY`, நிறங்கள் பக்கத்தில் `NIR`. வாடிக்கையாளர் அந்தச் சொல்லை அழிக்காமல் அனுப்பினால், வந்த செய்தியைப் பார்த்ததுமே எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். ஆர்டர் நோட்டில் அந்த மூன்றெழுத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள். விற்பனை வரைக்கும் கணக்கு தொடர்வது இந்த மூன்றெழுத்தால்தான்.

எண்களைப் படிப்பது

ஒரு மாதம் கழித்து நம் கடையின் கணக்கு இப்படி இருக்கிறது. முதல் நான்கு வரிகள் இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸிலிருந்து. தொழில்முறைக் கணக்காக மாற்றியிருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே கிடைக்கும். அடுத்த இரண்டும் அனலிட்டிக்ஸில் `Traffic acquisition` அறிக்கையில், இரண்டாவது பகுப்பாக `Session manual ad content` என்பதைச் சேர்த்துப் பார்த்தது. நம் `utm_content` சொற்கள் அங்கே அந்தப் பெயரில்தான் வரும். கடைசி வரி ஆர்டர் நோட்டிலிருந்து.

| | அடையாளம் | நிறங்கள் |
|---|---|---|
| ரீச் | 12,000 | 3,500 |
| சேவ் | 640 | 45 |
| ப்ரொஃபைலுக்கு வந்தவர்கள் | 310 | 190 |
| லிங்கைத் தொட்டது | 70 | 62 |
| தளத்துக்கு வந்த வருகை | 58 | 55 |
| வாட்ஸ்அப் பொத்தான் | 4 | 11 |
| ஆர்டர் | 1 | 5 |

ரீச்சையும் சேவையும் மட்டும் பார்த்தால் அடையாளக் கரோசல்தான் ராஜா. கடைசி இரண்டு வரியை மட்டும் பார்த்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நிறங்களையே காட்டிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும். இரண்டும் அவசர முடிவுகள். மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்கிப் பாருங்கள்.

அடையாளக் கரோசலைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 2.6 பேர் ப்ரொஃபைலுக்கு வந்தார்கள், நிறங்களில் 5.4 பேர். அப்படி வந்தவர்களில் லிங்கைத் தொட்டது முதலாவதில் நூற்றுக்கு 23, இரண்டாவதில் 33. இதில் ஆச்சரியம் இல்லை. அடையாளம் காணும் வழியைக் கரோசலே முழுதாகச் சொல்லிவிட்டது. படித்தவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது; சேவ் செய்துகொண்டு போய்விட்டார். நிறங்களைப் பார்த்தவருக்கோ விலை தெரிய வேண்டும். அதற்கு உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

தொட்டது 70, வந்தது 58 என்றால் நடுவில் 12 எங்கே போனது? பக்கம் திறக்கத் தாமதமானதால் சிலர் பின்வாங்கியிருப்பார்கள். சிலருடைய கைபேசியில் அனலிட்டிக்ஸ் தடுக்கப்பட்டிருக்கும். ஓரளவு குறைவது இயல்பு. பாதிக்கு மேல் காணாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது முதலில் பக்கத்தின் வேகத்தையும் வழிமாற்றத்தையும் சோதியுங்கள். தொட்டதைவிட வந்தது அதிகமாக இருந்தால் வேறு கதை. யாரோ முகவரியைக் குறியோடு நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். அந்த வருகைகளும் பயோ கணக்கிலேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

4-க்கும் 11-க்கும் எவ்வளவு தூரம்?

இந்த அளவு சிறிய எண்களை வைத்து முடிவெடுக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓர் எண்ணிக்கை தற்செயலாகவே எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அதன் வர்க்கமூலத்தை வைத்து மதிப்பிடலாம். பாதுகாப்புக்கு அதை இரட்டிப்பாக்கிக்கொள்வேன். 11-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3.3, இரட்டித்தால் 6.6. ஆக 11 என்பது 4-லிருந்து 18 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். 4-இன் வர்க்கமூலம் 2, இரட்டித்தால் 4. அது 0-லிருந்து 8 வரை போகலாம். இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

இதற்குப் பொருள் வித்தியாசமே இல்லை என்பதல்ல. நிறங்கள் முந்துவதுபோலத் தெரிகிறது. ஆனால் இந்த ஒரு மாதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த மாதமும் இதேபோல ஒரு விளக்கக் கரோசலும் ஒரு சரக்குக் கரோசலும் போட்டு, அதே திசையில் எண்கள் வந்தால் நம்பலாம். ஆர்டரில் 1-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தை இப்போதைக்கு எழுதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது பார்ப்பது?

அனலிட்டிக்ஸ் தன் கணக்கை முடித்துக் காட்ட 24 முதல் 48 மணி நேரம்வரை ஆகும். `Realtime` திரையை லிங்க் வேலை செய்கிறதா என்று சோதிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

அதைவிட முக்கியமானது கரோசலின் ஆயுள். நிறங்களுக்கான 55 வருகையில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிட்டது என்றும், அடையாளத்துக்கான 58-இல் பாதி அடுத்த மூன்று வாரங்களில் சிறுகச் சிறுக வந்தது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சேவ் அதிகம் வாங்கும் கரோசலில் இப்படி நடப்பதுண்டு. சேலை எடுக்கும் நேரம் வரும்போது சேவ் செய்ததைத் திறந்து பார்க்கிறார்கள். முதல் வாரத்தோடு கணக்கை மூடினால் அடையாளக் கரோசலுக்கு அநியாயம் செய்கிறோம். ஒரு வாரத்தில் பயோவிலிருந்து அந்த லிங்கையே எடுத்துவிட்டால் இன்னும் மோசம். ஸ்லைடு சொல்லும் லிங்க் வந்தவருக்குக் கிடைக்காது. ஒப்பிடும் காலம் முழுக்க இரண்டு லிங்கும் இடம் மாறாமல் இருக்கட்டும். இரண்டு கரோசலுக்கும் போட்ட நாளிலிருந்து அதே எண்ணிக்கையிலான நாட்களைக் கணக்கில் எடுங்கள்.

முதலில் அறிமுகம் செய்தது யார்?

அடையாளக் கரோசல் வழியாக ஒருவர் முதன்முதலாகத் தளத்துக்கு வருகிறார், எதுவும் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நிறங்கள் லிங்கில் வந்து வாட்ஸ்அப்பை அழுத்துகிறார். `Session` என்று தொடங்கும் பகுப்புகள் அந்த வருகையின் வழியைத்தான் சொல்லும். பெருமை முழுக்க நிறங்களுக்குப் போகும். `First user` என்று தொடங்கும் பகுப்புகள் அவர் முதலில் எந்த வழியில் வந்தார் என்று சொல்லும். `User acquisition` அறிக்கையில் அதைப் பார்க்கலாம். நிறங்கள் லிங்கில் வந்து பொத்தானை அழுத்தியவர்களில் சிலருடைய முதல் வருகை `bio_adayalam` என்று இருந்தால், அடையாளக் கரோசல் கடையை அறிமுகம் செய்கிறது, நிறங்கள் விற்பனையை முடிக்கிறது என்று படிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்ஸ்டாகிராமில் தொட்ட லிங்க் அதன் உள் உலாவியில் திறக்கிறது. அதன் குக்கீயும் கைபேசியிலுள்ள குரோமின் குக்கீயும் தனித்தனி. இன்று இன்ஸ்டாகிராமில் பார்த்து, நாளை குரோமில் கடையின் பெயரைத் தட்டி வருபவர் அனலிட்டிக்ஸுக்கு இரண்டு ஆள். ஆகவே `First user` பகுப்பில் அடையாளக் கரோசலுக்குக் கிடைக்கும் எண்ணைக் கீழ் எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை வாட்ஸ்அப்பில் "எங்களை முதலில் எதில் பார்த்தீர்கள்?" என்று ஒரு வரி கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். சிறிய கடைக்கு எல்லோரிடமும் கேட்க முடியும். அது பெரிய பலம்.

கடை என்ன முடிவெடுக்கலாம்?

இந்த அட்டவணையை வைத்து நான் அந்தக் கடைக்காரரிடம் சொல்வது இதுதான். அடையாளக் கரோசலை நிறுத்த வேண்டாம். அதில் வந்த 58 வருகையில் 4 பேர்தான் பொத்தானை அழுத்தினார்கள் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவர்கள் வந்து இறங்கும் பக்கத்தை. அந்தப் பக்கம் அடையாளம் காணும் வழியையே மறுபடி விளக்கிவிட்டு நின்றுவிடுகிறதா? அப்படியானால் விளக்கத்தைச் சுருக்கி, அதே கட்டம், அதே கரை உள்ள மூன்று நான்கு சேலைகளை விலையோடு வையுங்கள். நிறங்கள் பக்கத்துக்கு யுடிஎம் இல்லாத ஒரு லிங்கும் கொடுங்கள். கரோசலையும் பயோ வரிசையையும் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எண் மாறியதற்கு எது காரணம் என்று சொல்ல முடியும்.

மாற்றிய நாளை ஆர்டர் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த மாதம் அதே ஏழு வரிகளை நிரப்புங்கள். ரீச் ஏறினாலும் இறங்கினாலும் அதை விடுங்கள்; தளத்துக்கு வந்த வருகைக்கும் வாட்ஸ்அப் பொத்தானுக்கும் இடையிலான அந்த ஒரு படியைப் பாருங்கள். 60 வருகைக்கு 4 என்பது 12, 13 என்று ஆகி, அடுத்த மாதமும் அங்கேயே நின்றால் பக்கம்தான் குறை, கரோசல் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். 4, 5 என்றே இருந்தால் அந்தக் கரோசலின் வேலை அறிமுகம் செய்வது மட்டும்தான் என்று ஏற்றுக்கொண்டு, அதன் கடைசி ஸ்லைடை "புது நிறங்கள்" லிங்குக்கே திருப்பிவிடலாம். அப்போது அந்த லிங்குக்குப் புதிய `utm_content` ஒன்றை எழுத மறக்காதீர்கள்.